தோசைக்கல்லுக்குப் பின்னால் ஒரு தீ

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், ஸ்டுடியோவைப் பூட்டுகிற நேரத்தில் ஓர் அண்ணன் கனமான துணிப்பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். பைக்குள் வார்ப்பிரும்புத் தோசைக்கல். 12 அங்குலம், இரண்டு பக்கமும் வளையக் காது. கோவையில் வார்ப்படப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு பட்டறையில் வார்த்து வாங்கி, எண்ணெய் காட்டிப் பழக்கி, சொந்தப் பெயரில் விற்க ஆரம்பித்திருக்கிறார். அட்டைப் பெட்டிக்கும் போனில் அனுப்புகிற விளம்பரத்துக்கும் ஒரு படம் வேண்டும்.

"கல்லு சும்மா நின்னா ஆரும் பாக்க மாட்டாங்க தம்பி. பின்னாடி நெருப்பு எரியோணும், பொறி பறக்கோணும். பட்டறையில இரும்பு ஊத்தறப்போ பறக்குமல்லோ, அந்த மாதிரி. கொஞ்சம் பொகையும் வேணும்."

"நெஜமா தீ வெச்சு எடுக்கறது ஆபத்துங்ண்ணா. தனியா எடுத்த தீயைப் பின்னாடி சேத்துத் தர்றேன்."

"ஒட்டுன மாதிரி தெரியக் கூடாது, அவ்வளவுதான்."

அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஏனென்றால் ஒட்டுவது ஒரு நிமிஷ வேலை. கறுப்புப் பின்னணியில் எடுத்த தீயின் படத்தைப் பொருளின் படத்துக்கு மேல் ஒரு லேயராகப் போட்டு, பிளெண்டிங் மோடை Normal என்பதிலிருந்து Screen என்று மாற்றினால் கறுப்பு காணாமல் போகும், தீ மட்டும் நிற்கும். இப்படி மேலே போடுவதற்கென்றே எடுத்து வைத்த படங்களைத்தான் ஓவர்லே என்கிறோம். ஃபோட்டோஷாப், கிம்ப், ஃபோட்டோபீ எதில் செய்தாலும் இது ஒன்றுதான். ஒட்டியது தெரியாமல் செய்வதற்கு மட்டும் எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

ஸ்க்ரீன் என்ன செய்கிறது என்பதை ஒருமுறை கணக்காகப் பார்த்துவிட்டால் பிறகு வருகிற தொல்லைகளில் முக்கால்வாசி தானாகப் புரியும். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக இந்தக் கணக்கு நடக்கிறது:

```
முடிவு = 255 − (255 − கீழ்) × (255 − மேல்) ÷ 255
```

மேலே இருப்பது சுத்தக் கறுப்பு, அதாவது 0 என்றால், கீழே இருப்பது அப்படியே திரும்பி வரும். அதனால்தான் கறுப்பு மறைகிறது. மேலே 255 என்றால் கீழே என்ன இருந்தாலும் வெள்ளைதான். இடைப்பட்ட எந்த எண்ணைப் போட்டுப் பார்த்தாலும் முடிவு கீழே இருந்ததைவிடக் குறையவே குறையாது. ஒரே சுவரில் இரண்டு புரொஜெக்டரைக் காட்டுகிற மாதிரி நினைத்துக்கொள்ளலாம். இரண்டாவது புரொஜெக்டர் சுவருக்கு வெளிச்சத்தைக் கொடுக்க முடியும், சுவரிலிருந்து எடுக்க முடியாது.

கொடுப்பதும் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில்லை. மெல்லிய புகை ஒன்றின் மதிப்பு 60 என்று வையுங்கள். அது 40 மதிப்புள்ள இருட்டுச் சாம்பல் மேல் விழுந்தால் 91 ஆகிறது, ஐம்பத்தொரு படி ஏறுகிறது. அதே புகை 230 மதிப்புள்ள வெளிர் பின்னணியில் விழுந்தால் 236, ஆறே படி. கண்ணுக்கே தெரியாது. வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தின் மேல் புகை ஓவர்லேயைப் போட்டுவிட்டு, "எனக்கு மட்டும் ஒண்ணுமே வரலையே" என்று கேட்பவர்கள் நிறைய. ஓவர்லேயில் குறையில்லை. அங்கே வெளிச்சம் ஏறுவதற்கு இடமில்லை.

அதனால் அண்ணன் கொண்டுவந்த கல்லை நான் முதலிலேயே இருட்டில் வைத்தேன். முந்தி ஒருமுறை வேறொரு பாத்திரத்தை வெள்ளைத் துணிக்கு முன்னால் எடுத்துவிட்டு, பிறகு வெட்டி இருட்டுக்கு மாற்றிப் பட்டிருக்கிறேன். பளபளப்பான பொருளின் ஓரங்கள் வெள்ளைத் துணியைக் கண்ணாடி மாதிரிப் பிடித்து வைத்திருக்கும். எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் விளிம்பில் ஒரு சாம்பல் கோடு கூடவே வரும். பின்னால் தீ எரியும்போது அந்தக் கோடு குளிர்ந்த நிறத்தில் நின்று காட்டிக்கொடுத்துவிடும். பழக்கின தோசைக்கல்லின் எண்ணெய்ப் பளபளப்பும் அப்படித்தான். ஆகவே கருநீலச் சாயம் போட்ட துணி ஒன்றைப் பின்னால் தூரமாகத் தொங்கவிட்டு, கல்லை நிமிர்த்தி ஒரு மரக்கட்டையில் சாய்த்து, இடப்பக்கம் ஒரு சாஃப்ட்பாக்ஸ் மட்டும் வைத்து எடுத்தேன். நீலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஆரஞ்சுத் தீக்கு அது எடுப்பாக இருக்கும் என்ற நினைப்பு. அந்த நினைப்பு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு படமும் எடுத்தேன். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கேமராவை ட்ரைபாடிலிருந்து அசைக்காமல், முன் விளக்கை அணைத்துவிட்டு, கல்லுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கேமரா கண்ணில் படாதபடி இரண்டு எல்இடி விளக்குகளைத் தாழ வைத்து, அவற்றின் முன்னால் ஆரஞ்சு செலோபேன் தாளை மடித்துப் பிடித்தேன். எல்இடி அவ்வளவாகச் சூடாகாது என்பதால்தான் தாள். பழைய ஹாலஜன் விளக்காக இருந்தால் தாள் சுருங்கிப் பற்றிக்கொள்ளும், செய்யாதீர்கள். இந்த இரண்டாவது படத்தில் கல்லின் முகம் முழு இருட்டு. விளிம்பிலும் காதுகளின் உள்வளைவிலும் மட்டும் ஆரஞ்சு வெளிச்சம் ஓடியிருந்தது. தீ பின்னால் எரிந்தால் கல்லில் எங்கெல்லாம் வெளிச்சம் படுமோ, அங்கெல்லாம் பட்ட படம். அதையும் பிறகு ஸ்க்ரீனில்தான் சேர்க்கப் போகிறேன். வெளிச்சத்தைக் கூட்டுகிற மோட் என்றால், தீயைக் கூட்டுவதுபோல் விளக்கையும் கூட்டலாம் அல்லவா.

ஓவர்லே இலவசமாகவும் விலைக்கும் இணையத்தில் கொட்டிக்கிடக்கிறது. எடுக்கும்போது வணிகப் பயன்பாட்டுக்கு உரிமை உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் புகையையும் பொறியையும் நாமே எடுப்பது கஷ்டமில்லை. நம் வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது. புகைக்கு ஊதுபத்தி. அறையில் மின்விசிறியை நிறுத்தி, கறுப்புத் துணியை ஊதுபத்திக்கு ஒரு மீட்டராவது பின்னால் தொங்கவிட்டு, பக்கவாட்டில் சற்றுப் பின்னாலிருந்து ஃபிளாஷ் அடிக்க வேண்டும். ஃபிளாஷின் வெளிச்சம் துணியில் படாமல் ஓர் அட்டையை மறைப்பாக வைக்க வேண்டும். ஊதுபத்திப் புகை கொஞ்ச உயரம் நூல் பிடித்த மாதிரி நேராக ஏறி, அப்புறம்தான் கலைந்து சுருள ஆரம்பிக்கும். நமக்கு வேண்டியது அந்த மேல்பாதி. நூல் மாதிரி நிற்கும் கீழ்ப்பாதி படத்தில் வந்தால் பார்ப்பவர்களுக்கு ஊதுபத்திதான் ஞாபகம் வரும். அடர்த்தியான புகை வேண்டுமென்றால் சாம்பிராணி.

பொறிக்குக் கம்பி மத்தாப்பு. இருட்டிய பிறகு மொட்டைமாடியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, வேறொருவரைப் பிடிக்கச் சொல்லி எடுத்தேன். ஷட்டரை மெதுவாக வைத்தால் பொறி நீளக் கோடாகும், வேகமாக வைத்தால் புள்ளியாகும். 1/60 வினாடி எனக்குச் சரியாக இருந்தது, கோடும் புள்ளியும் கலந்து வந்தன. மத்தாப்பின் எரியும் முனையும் கம்பியும் படத்தில் இருக்கும், அவற்றைக் கறுப்பு பிரஷால் மூடிவிட்டால் பொறி மட்டும் மிஞ்சும். கறுப்பைப் பூசுவதுதான் ஸ்க்ரீனில் அழிப்பது. ரப்பர் தேவையே இல்லை.

தீயை மட்டும் நான் வெளியிலிருந்து வாங்கினேன். முதலில் தட்டில் கற்பூரம் ஏற்றி எடுத்துப் பார்த்தேன். அழகான சுடர் கிடைத்தது. அதைப் பெரிதாக்கிக் கல்லுக்குப் பின்னால் வைத்தபோது, கல் ஓர் அகல்விளக்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. சின்னத் தீ வழுவழுப்பான விளிம்போடு, ஒரே இலை வடிவில் நிற்கும். பெரிய தீ கிழிந்து, நாக்கு நாக்காகப் பிரிந்து, துண்டு துண்டாக மேலே பறக்கும். நம் கண் அந்த வடிவத்தை வைத்துத்தான் அளவைக் கணிக்கிறது. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கற்பூரச் சுடர் கற்பூரச் சுடர்தான். எனவே விறகுத் தீயின் படம் ஒன்றை வாங்கினேன். தீ ஓவர்லே வாங்கும்போது, நடுப்பகுதி முழுக்க வெள்ளையாக வெந்துபோன படங்களைத் தவிர்த்துவிடுங்கள். கேமரா தானாக வெளிச்சத்தைத் தீர்மானித்தால் தீ பெரும்பாலும் அப்படித்தான் பதியும். உள்ளே மஞ்சளும் ஆரஞ்சும் மடிப்பு மடிப்பாகத் தெரிகிற, கொஞ்சம் இருட்டாக எடுத்த படமே நமக்கு உதவும்.

இப்போது மேசைக்கு வருவோம்.

அடியில் கருநீலப் பின்னணி. மேலே பென் டூலால் வெட்டி, கல்லைத் தவிர மற்றதெல்லாம் மறையும்படி மாஸ்க் போட்ட கல். நடுவில் ஓவர்லே. "பின்னால்" என்ற சொல்லுக்கு லேயர் மொழியில் அர்த்தம் இவ்வளவுதான். ஓவர்லே கல்லுக்குக் கீழே, பின்னணிக்கு மேலே உட்கார வேண்டும். வெட்டும்போது காதுகளின் ஓட்டையை மறந்துவிடக் கூடாது. நான் முதல் தடவை வெளி விளிம்பை மட்டும் வெட்டிவிட்டு வந்துவிட்டேன். தீ போட்ட பிறகு பார்த்தால் கல்லைச் சுற்றி எங்கும் நெருப்பு, காதுக்குள் மட்டும் அமைதியான நீலத் துணி. அந்த இரண்டு ஓட்டைகள் வழியாகத் தீ தெரிந்த நிமிஷம்தான் கல் தீக்கு முன்னால் வந்து நின்றது. பாட்டிலோ கண்ணாடி டம்ளரோ என்றால் இதே வேலை உடல் முழுக்க இருக்கிறது. கண்ணாடி வழியாகத் தீ தெரிய வேண்டும், அதுவும் வளைந்து தெரிய வேண்டும். இரும்பு அந்த வகையில் நல்ல பிள்ளை.

விறகுத் தீயைப் போட்டு ஸ்க்ரீன் என்று மாற்றினேன். இரண்டு கோளாறு ஒரே நேரத்தில் தெரிந்தது.

முதலாவது, தீயைச் சுற்றி ஒரு மங்கலான செவ்வகம். ஓவர்லேயின் கறுப்பு கறுப்பாக இல்லை. நிற மதிப்பைக் காட்டும் ஐட்ராப்பரை வைத்துப் பார்த்தால் ஓரத்தில் 14 காட்டியது. என் பின்னணியின் ஓரம் 10. கணக்குப் போட்டால் 23 வருகிறது. ஓவர்லே முடிகிற கோட்டுக்கு இந்தப் பக்கம் 23, அந்தப் பக்கம் 10. லேப்டாப் திரையில், பகல் வெளிச்சத்தில் இது தெரியாமல் போகலாம். போனில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பவருக்குப் பட்டென்று தெரியும். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, இருட்டுப் பகுதியைத் தாறுமாறாக மேலே இழுத்துவிடுங்கள். ஒளிந்திருக்கும் செவ்வகமெல்லாம் வெளியே வந்துவிடும். பார்த்த பிறகு அந்த லேயரை எடுத்துவிடலாம்.

தீர்வு, கீழே இருக்கும் ஓவர்லேயை மட்டும் பாதிக்கும்படி அதற்கு கிளிப் செய்த லெவல்ஸ். இடப்பக்கக் கறுப்பு முள்ளை 14-ஐத் தாண்டி 20 வரை கொண்டுவந்தேன். 20-க்குக் கீழே இருந்ததெல்லாம் 0 ஆனது, செவ்வகம் போயிற்று. இதையே ஓபாசிட்டியைக் குறைத்துச் செய்யப் பலர் முயல்வார்கள். அது வேறு வேலை. ஸ்க்ரீனில் ஓபாசிட்டியைப் பாதியாக்கினால் ஓவர்லேயின் ஒவ்வொரு மதிப்பும் பாதியாகிறது. 14 என்பது 7 ஆகும், கூடவே தீயின் நடுவும் பாதியாகும். தீ சோர்ந்துபோகும், செவ்வகம் அப்போதும் மிச்சமிருக்கும். லெவல்ஸ் அடியை மட்டும் அறுக்கிறது. ரொம்ப அறுத்துவிடவும் கூடாது. தீயைச் சுற்றியுள்ள மெல்லிய சிவப்பு மூட்டமும் அந்த அடியில்தான் இருக்கிறது. அது போனால் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிய தீ மாதிரி விளிம்பு கடினமாகிவிடும். புகையில் இன்னும் கவனம் வேண்டும், புகையின் உயிரே அந்த மங்கலில்தான். ஓரங்களில் மட்டும் பிரச்சினை என்றால் லெவல்ஸைத் தொடாமல், பெரிய மென்மையான கறுப்பு பிரஷால் ஓவர்லேயின் நான்கு ஓரங்களையும் பூசிவிடுவது நல்லது.

இரண்டாவது கோளாறுதான் என்னை அன்று ராத்திரி உட்கார வைத்தது. தீ ஆரஞ்சாக இல்லை. உள்ளங்கை மாதிரி ஒரு வெளிர் ரோஜா நிறம். முதலில் மானிட்டரைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் ஓவர்லேயை. கடைசியில் எண்களைப் போட்டுப் பார்த்தேன். தீயில் ஒரு புள்ளியின் நிறம் சிவப்பு 255, பச்சை 140, நீலம் 20. அதன் அடியில், விளக்கு பட்ட என் நீலத் துணி, சிவப்பு 20, பச்சை 40, நீலம் 120. சிவப்பு 255-ஆகவே நிற்கிறது. பச்சை 158 ஆகிறது. நீலம் மட்டும் 20-லிருந்து 131-க்குத் தாவுகிறது. 255, 158, 131 என்பது ஆரஞ்சு இல்லை, ரோஜாதான். கணக்கு செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது. தீயின் வெளிச்சத்தோடு துணியின் நீல வெளிச்சத்தையும் கூட்டிக் கொடுத்திருக்கிறது.

நிஜத்தில் ஏன் இப்படித் தெரிவதில்லை? நீலச் சுவருக்கு முன்னால் விறகு எரிந்தால் நம் கண்ணும் கேமராவும் தீக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கின்றன, சுவர் அதனோடு சேர்ந்து இருண்டுபோகிறது. நான் சுவரைச் சுவருக்கான வெளிச்சத்திலும் தீயைத் தீக்கான வெளிச்சத்திலும் தனித்தனியாக எடுத்துக் கூட்டியிருக்கிறேன். சரிசெய்யும் வழியும் அதிலேயே இருக்கிறது. தீயின் லேயருக்குக் கீழே, பின்னணிக்கு மேலே, ஒரு புது லேயரில் பெரிய மென்மையான பிரஷால் தீ நிற்கும் இடமெல்லாம் கறுப்பைத் தடவினேன். அடியிலிருந்த நீலம் ஐந்தில் ஒரு பங்காக, அதாவது 4, 8, 24 என்று இறங்கியது. இப்போது அதே தீப்புள்ளி 255, 144, 42 ஆயிற்று. ஆரஞ்சு திரும்பி வந்துவிட்டது. படத்தின் மூலைகளில் நீலம் நீலமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தீக்குப் பின்னால் மட்டும் இருட்டு. பார்ப்பவர்கள் அந்த இருட்டைக் கவனிப்பதே இல்லை, தீ பிரகாசமாக இருக்கிறது என்றுதான் நினைக்கிறார்கள்.

தீயின்மேல் தீயைப் போடும்போதும் இதே கணக்கு வேறு விதத்தில் வரும். கல் அகலமானது என்பதால் ஒரே ஓவர்லேயைத் திருப்பி இரண்டாவது பிரதி போட்டேன். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடத்தில் பச்சை 140-லிருந்து 203-க்கு ஏறி, ஆரஞ்சு மஞ்சளாக மாறியது. மூன்றாவது பிரதி போட்டிருந்தால் முழு மஞ்சளாகியிருக்கும். அதனால் இரண்டாவது பிரதிக்கு மட்டும் ஸ்க்ரீனுக்குப் பதில் Lighten வைத்தேன். அது கூட்டுவதில்லை. இரண்டில் எது வெளிச்சமோ அதை எடுத்துக்கொள்கிறது, எனவே நிறம் பெரும்பாலும் நிலைக்கிறது. பொறிகளுக்கும் தீயின் மேல் இதுவே எனக்குச் சரியாகப்பட்டது. இருட்டில் பறக்கும் பொறிக்கு ஸ்க்ரீன் போதும்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தில் பலர் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். தீ, பொறி, புகை எல்லாவற்றையும் ஒழுங்குக்காக ஒரு குரூப்பில் போட்டு, அந்த குரூப்பின் மோடை Pass Through-விலிருந்து Normal என்று மாற்றிவிட்டால், உள்ளே இருக்கும் ஸ்க்ரீன் குரூப்புக்கு வெளியே எட்டிப் பார்க்காது. பின்னணி மறைந்து, கறுப்புப் பலகை எழுந்து நிற்கும். லேயர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். குரூப்பின் மோடைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகும் கல் ஒட்டு வேலையாகத்தான் தெரிந்தது. பின்னால் இவ்வளவு பெரிய தீ எரிகிறது, கல்லுக்கு அது தெரியவே இல்லை. செலோபேன் தாள் வைத்து எடுத்த இரண்டாவது படத்தைக் கல்லின் லேயருக்கு மேலே போட்டு, கல்லுக்கு கிளிப் செய்து, ஸ்க்ரீன் என்று மாற்றினேன். விளிம்பில் ஆரஞ்சு ஓடியது. காதின் உள்வளைவு சிவந்தது. பழக்கின கல்லின் மேற்பரப்பில் உளி பட்ட மாதிரி இருக்கிற சின்னச் சின்னக் கோடுகள்கூட ஓரத்தில் வெளிச்சம் பிடித்தன. ட்ரைபாடு அசையாததால் இரண்டு படமும் ஒரு புள்ளி விலகாமல் பொருந்தின. தீ இடப்பக்கம் உயரமாகவும் வலப்பக்கம் குட்டையாகவும் இருந்ததால், வலப்பக்க விளிம்பு வெளிச்சத்தை மாஸ்க்கில் பாதியாகக் குறைத்தேன். தீயின் உயரமும் விளிம்பின் வெளிச்சமும் ஒத்துப்போக வேண்டும்.

இப்படி இரண்டாவது படம் எடுக்காமல் போனவர்கள் கையால் வரையலாம். கல்லுக்கு கிளிப் செய்த ஒரு புது லேயரை ஸ்க்ரீனில் வைத்து, தீயிலிருந்தே ஆரஞ்சை எடுத்து, ஃப்ளோ 5 சதவீதம் அளவுக்குக் குறைத்த மென்மையான பிரஷால் விளிம்பை ஒட்டிப் பல தடவை தடவ வேண்டும். ஆனால் வெளிச்சம் பொருளின் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும், பிரஷ் அதை அறியாது. வழவழப்பான டப்பா, பாட்டில் என்றால் பிரஷ் போதும். வார்ப்பிரும்பு மாதிரிச் சொரசொரப்பான பொருளுக்கு நிஜ விளக்கில் எடுத்ததுதான் நிற்கும்.

பிறகு தீயைச் சற்று மங்கலாக்கினேன். கல்லின் முகம் கூர்மையாக ஃபோகஸில் இருக்கிறது, ஓர் அடி பின்னால் இருக்கும் தீயும் அதே கூர்மையில் இருந்தால் இரண்டும் ஒரே தாளில் அச்சடித்த மாதிரி ஆகிவிடும். 4000 புள்ளி அகலமான படத்தில் காஸியன் ப்ளர் 6 போதுமானதாக இருந்தது. பொறிகளில் பெரும்பகுதியைத் தீயோடு சேர்த்து மங்கலாக்கி, ஐந்தாறை மட்டும் தனியாக எடுத்துக் கல்லுக்கு மேலே, முன்பக்கம் பறக்கவிட்டேன். அவற்றில் இரண்டு நல்ல மங்கல், கேமராவுக்கு மிக அருகில் பறப்பதுபோல. எல்லாமே பின்னால் மட்டும் இருந்தால் பின்னணி ஒரு திரைச்சீலையாகிவிடும். பொறி இரண்டு முன்னால் வந்துவிட்டால் கல் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

புகைக்கு இரண்டே திருத்தம். ஊதுபத்திப் புகை பக்கவெளிச்சத்தில் நீலம் பாரித்துத் தெரியும், தீக்குப் பக்கத்தில் அந்த நீலம் பொருந்தாது. நிறத்தை முழுவதும் எடுத்துவிட்டு, தீக்கு அருகே இருக்கும் பகுதிக்கு மட்டும் லேசாக ஆரஞ்சு ஏற்றினேன். அப்புறம் புகையின் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வந்திருந்தது, கல்லின் வெளிச்சமோ இடம். படத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டதும் சரியாயிற்று.

அண்ணன் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் காது ஓட்டையைக் காட்டி, "இதுக்குள்ளயும் எரியுது பாருங்க" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. பெட்டி அச்சடிக்கிறவர், டிசைனில் வைக்க வசதியாக, பின்னணி இல்லாமல் கல்லும் தீயும் மட்டும் பிஎன்ஜியாகக் கேட்டிருக்கிறார். ஸ்க்ரீன் லேயரை அப்படித் தர முடியாது. கூட்டுவதற்குக் கீழே ஏதாவது இருந்தால்தானே கூட்டும். பின்னணியை அணைத்துச் சேமித்தால் தீ தன் கறுப்புச் சதுரத்தோடு வந்து நிற்கும். போதாக்குறைக்கு, ஆன்லைனில் விற்க வெள்ளைப் பின்னணியில் புகை மட்டும் வைத்து ஒரு படம் வேண்டும் என்று அண்ணனும் கேட்டார்.

இரண்டுக்கும் ஒரே வழியைத்தான் பிடித்தேன். ஓவர்லேயைப் படமாக வைப்பதை விட்டுவிட்டு மாஸ்க்காக மாற்றுவது. புகைப் படத்தை மட்டும் திறந்து, சேனல்ஸ் பலகையில் RGB-யின் மேல் Ctrl அழுத்திச் சொடுக்கினால், வெளிச்சமான இடங்கள் அதனதன் அளவுக்குத் தேர்வாகும். அந்தத் தேர்வோடு ஒரு ஒற்றை நிற லேயர் உருவாக்கினால் புகையின் வடிவம் அதன் மாஸ்க்காக உட்காரும். இப்போது அது Normal மோடில் நிற்கிற, ஊடே தெரிகிற உண்மையான புகை. நிறத்தை நடுச் சாம்பலாக வைத்தால் வெள்ளைப் பின்னணியிலும் தெரியும். நிஜப் புகையும் வெளிச்சமான வானத்துக்கு எதிரே சாம்பலாகத்தானே தெரிகிறது, பின்னால் இருப்பதை மறைக்கவும் செய்கிறது. இருட்டில் ஒளிர்வது புகையின் பாதி குணம்தான், ஸ்க்ரீன் அந்தப் பாதியை மட்டும் அறியும்.

தீக்கு இந்த வித்தை சரிப்படவில்லை. மாஸ்க் போட்ட தீயை வெள்ளையில் வைத்தபோது ஆரஞ்சுச் சாயம் கொட்டிய துணி மாதிரி இருந்தது. வெள்ளைக்கு முன்னால் தீ வேண்டாம் என்று அண்ணனிடம் நேராகச் சொல்லிவிட்டேன். "அப்ப வெள்ளைக்குப் பொகை, பெட்டிக்குத் தீ" என்று அவரே பிரித்துக் கொடுத்தார். பெட்டிக்காரருக்குப் பின்னணியோடு சேர்த்தே படத்தைத் தந்தேன், ஓரங்களில் தாராளமாகக் கருநீலம் விட்டு, அவர் எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளும்படி.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒன்று செய்தேன். லேயர்கள் பிரிந்திருக்கும்போதே கோப்பை அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினால், ஸ்க்ரீன் மைகளின் மேல் கணக்குப் போட ஆரம்பித்துத் தீயின் நிறம் மாறிவிடும். அதனால் ஆர்ஜிபியில் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியை மட்டும் மாற்றினேன். அப்படியும் திரையில் தகதகவென்று இருந்த ஆரஞ்சு ஒரு படி இறங்கத்தான் செய்தது, மைக்கு அந்த ஒளிர்வு கிடையாது. தீயைச் சுற்றிய இருட்டை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அட்டையில் தீ எரிவதாகத் தெரிய வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள இடம் அணைந்திருக்க வேண்டும். முதல் பெட்டி அச்சாகி வந்த அன்று, அதைத் தண்ணீர்க் குடத்துக்கு மேலே நிமிர்த்தி வைத்துவிட்டு, அறையின் மறுமூலையிலிருந்து பார்த்தேன். காது ஓட்டை இரண்டும் எரிந்துகொண்டிருந்தன.